சின்னம்மாவின் மடலில் சிவப்புக் கோட்டுக்கு ஒரு வரி

சின்னம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கேம் வாங்கினேன். அறுபது வயது கடந்தவர். வட்டக்கச்சியில் தனியாக இருக்கிறார். கைத்தொலைபேசியில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. பரிசை வாங்க ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது. அதோடு வைக்கும் வாழ்த்து மடலை எழுதி முடிக்க இரண்டு கிழமை பிடித்தது. அந்த இரண்டு கிழமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கேமைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அன்பக்கிங். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் விட்ச் பீம் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது, 2021இல் வெளிவந்தது. இதைச் செய்த ரென் பிரையரும் டிம் டோசனும் ஒரே வீட்டில் குடியேறிச் சாமான் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இதுவே ஒரு விளையாட்டுப் போல இருக்கிறதே என்று தோன்றியதில் பிறந்தது. பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். மணிக்கூடு ஓடாது, புள்ளி இல்லை, தோல்வி இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எட்டு முறை நடக்கும் குடிபெயர்வுகளை நாம் பிரித்து அடுக்குகிறோம். அந்தப் பெண்ணை ஒரு முறைகூடக் காண்பதில்லை. அவளுடைய சாமான்களை மட்டுமே காண்கிறோம். முதலில் கணினிக்கும் கேம் கருவிகளுக்கும் வந்தது, 2023இல் தொலைபேசிக்கும் டப்லெட்டுக்கும் வந்தது.

இதை ஏன் சின்னம்மாவுக்குத் தெரிந்தெடுத்தேன் என்றால், அவருடைய குசினித் தட்டைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மிளகாய்த்தூள் போத்தல், சரக்குத்தூள் போத்தல், சீனிப் பேணி, ஒடியல் மா வைத்த பழைய பால்மாப் பேணி எல்லாம் உயர வரிசையில் நிற்கும். கரண்டிகள் ஆணியில் தொங்கும். நான் தேத்தண்ணி ஊற்றிவிட்டுத் தேயிலைப் பேணியை இடம் மாற்றி வைத்தால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் திருப்பி வைத்துவிட்டு வருவார். அந்தக் கைக்கு இது புதிய வேலை இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் செய்வதுதான் புதிது. இலக்கங்களை நிரப்பும் கேமும், இனிப்புகளை மூன்று மூன்றாகச் சேர்க்கும் கேமும் பார்த்தேன். ஒன்றில் இலக்கம் பிழைத்தால் தனக்குக் கணக்கு வராது என்று மூடிவிடுவார். மற்றதில் நொடிக்கு ஒரு விளம்பரம் குறுக்கே பாயும். அதை மூடும் சின்னக் குறியைத் தேடுவதே முதல் தடவை தொடுபவருக்குப் பெரிய புதிராகிவிடும்.

ஆனால் வாங்கிய பிறகு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கேமின் ஒவ்வொரு வீடும் ஓர் ஆண்டின் இலக்கத்தோடு தொடங்கும்: 1997, 2004, 2007, 2010, 2012, 2013, 2015, 2018. அந்த இலக்கங்களைச் சின்னம்மாவின் கண்ணால் படித்துப் பார்த்தேன். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். 1997இல் சின்னம்மா இருந்தது மல்லாவியில், வேறொருவர் காணியில் போட்ட கிடுகுக் கொட்டிலில். 2004இல் சண்டை ஓய்ந்திருந்த காலம், திரும்பி வந்து வட்டக்கச்சியில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். 2009 தையில் அதையும் விட்டார். அந்த முறை கடைசியாக அவர் கையில் எஞ்சியது ஒரு சொப்பிங் பை. உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், சித்தப்பாவின் ஒரு படம், என்னுடைய சாதாரணதரப் பெறுபேற்றுத் தாள். செட்டிகுளம் முகாமிலும் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார். கேமின் 2010ஆம் ஆண்டில் அவர் தரப்பாள் கொட்டிலில் இருந்தார். இப்படிப்பட்டவர் கையில் வீடு மாறும் கேமைக் கொடுக்கலாமா?

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் அதே வழியால் நடந்தவர். டப்லெட்டைக் கொடுத்து முதல் அறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதில கட்டுறதும் வருமோ?" என்றார்.

"இல்லை அம்மா. பிரிக்கிறது மட்டும்தான்."

"அப்ப எல்லாச் சாமானும் வந்து சேந்திட்டுது."

"ஓம்."

"அப்ப குடு."

எனக்கு அதுவரை தோன்றாத ஒன்றை அம்மா ஒரு நிமிடத்தில் கண்டுவிட்டார். இந்தக் கேமில் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் வேலை எங்கேயும் வராது. எட்டு வீட்டிலும் பெட்டிகள் நமக்கு முன்பே பத்திரமாக வந்து நிற்கின்றன. சில பொம்மைகள் முதல் அறையிலிருந்து கூடவே வருகின்றன, வீட்டுக்கு வீடு கொஞ்சம் பழசாகி.

அம்மாவையே வைத்துப் பரிசோதித்தும் பார்த்தேன். அவரும் கேம் விளையாடியதில்லை. பக்கத்தில் இருந்து வாய் திறக்காமல் பார்த்தேன், எங்கே தடக்குப்படுகிறார் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். மடலில் எழுத வேண்டியவை அங்கிருந்துதான் கிடைத்தன.

முதல் தடக்கு, தொடலாமா என்பதே தெரியாதது. அறை திரையில் வந்து நின்றது. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கேம் விளையாடிப் பழகியவர்கள் ஒரு பெட்டியைக் கண்டால் தொட்டுப் பார்ப்பார்கள். பழகாதவர்கள் தொட்டால் ஏதாவது கெட்டுப்போகும் என்றுதான் நினைப்பார்கள், அதுவும் அடுத்தவர் காசு கொடுத்து வாங்கிய பொருளில். ஆகவே மடலின் முதல் வேலை, எதைத் தொட வேண்டும் என்று நேராகச் சொல்வது.

இரண்டாவது தடக்கு விரல். விரல் மின்சாரத்தைக் கடத்துவதால், அது தொடும் இடத்தில் திரையின் மின்புலம் மாறும்; அதை உணர்ந்துதான் இந்தத் திரைகள் வேலை செய்கின்றன. தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த, காய்ந்த விரல் நுனியைத் திரை சில நேரம் உணர்வதே இல்லை. அம்மா தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கடினமாக அழுத்தினார், அப்போதும் இல்லை. அழுத்தத்தால் பயனில்லை. விரல் நுனியை நிமிர்த்திக் குத்தாமல், அதன் சதைப் பகுதியைப் படியவிட்டால் பிடிக்கும். கையை ஈரத்துணியில் ஒருக்கா ஒற்றிவிட்டுத் தொட்டபோது உடனே திறந்தது. நீர் சொட்டும் கையென்றால் திரை குழம்பும், ஆகவே ஒற்றினால் போதும். இதை மடலில் எழுதவில்லை. "உங்கட விரல் காஞ்சிருக்கு" என்று பிறந்தநாள் அன்று எழுத மனம் வரவில்லை. நேரில் போய்க் காட்டுவதற்கு வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடக்குத்தான் பெரியது. முதல் வீடு ஒரு சிறுமியின் அறை, ஒரே அறை. அம்மா இருபது நிமிடத்தில் எல்லாப் பெட்டியையும் முடித்தார். புத்தகங்களைத் தட்டில் உயர வரிசையில் அடுக்கினார், பொம்மைகளைக் கட்டிலில் சாய்த்து வைத்தார். கடைசிப் பெட்டி காலியாகி மடிந்து மறைந்தது. அந்த நேரத்தில்தான் சில சாமான்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. கேமின் முறை அதுதான்: பெட்டிகள் இருக்கும்வரை எங்கே வைத்தாலும் பேசாமல் இருக்கும், எல்லாம் முடிந்த பிறகே இடம் பொருந்தாதவற்றைக் காட்டும். பிறகு வைக்கலாம் என்று இடம் ஒதுக்காமல் நிலத்தில் விட்ட சில சாமான்கள் சிவந்து நின்றன. அம்மா கையை எடுத்துவிட்டார்.

"நான் என்ன பிழை விட்டனான்?"

அந்தக் குரலில் இருந்தது பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனை. நாற்பது கொப்பியைத் திருத்தும் ஆசிரியரின் சிவப்பு. எங்களுடைய தலைமுறைப் பெண்களுக்கு அந்த நிறம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். கேமைச் செய்தவர்கள் அவ்வளவு மென்மையாக எல்லாவற்றையும் அமைத்தும், இந்த ஓரிடத்தில் முதல் தடவை விளையாடுபவர் நின்றுவிடக்கூடும்.

இதற்குக் கேமிலேயே ஒரு வழி உண்டு. அமைப்புகளுக்குள் போனால், சாமான்களை எங்கே வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிவிடலாம். பிறகு சிவப்பே வராது. அதைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பக்கம் அதற்கு நியாயம் இருக்கிறது. அந்தக் குளியலறைகளும் குசினிகளும் எங்களுடையவை போல இல்லை. பல் துலக்கும் தூரிகை குளியலறையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சின்னம்மாவின் தூரிகை குசினி யன்னல் ஓரத்து ரின்னில் நிற்கும், ஏனென்றால் முகம் கழுவுவது கிணற்றடியில். செருப்பு வைக்கும் இடத்தைக் கேட்டால் அவர் படிக்கட்டைக் காட்டுவார், அறைக்குள் அலுமாரியை அல்ல. இதற்கெல்லாம் சிவப்பு விழுந்தால் அது அவருடைய பிழை இல்லை.

ஆனாலும் நான் அதைப் போடவில்லை. சிவப்பை எடுத்துவிட்டால் புதிரும் போய்விடுகிறது. இந்தப் பிள்ளை இதை எங்கே வைத்திருப்பாள் என்று யோசிக்க வைப்பது அந்தக் கோடுதான். வேறொரு ஊர்ப் பிள்ளையின் வழக்கத்தைச் சாமான்களை வைத்தே பிடித்துவிடுவதில் ஒரு சுவை இருக்கிறது, சின்னம்மாவுக்கு அது கிடைக்காமல் போகக் கூடாது. தேவைப்பட்டால் பிறகு மாற்றலாம். ஆகவே சிவப்பை விட்டுவிட்டு, அதற்கு அவர் ஏற்கக்கூடிய ஓர் அர்த்தத்தை மடலில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இப்போது மடல். கிளிநொச்சிக் கடைகளில் இருக்கும் மடல்களில் தங்க எழுத்தில் ஆங்கிலப் பாட்டு அச்சடித்திருக்கும், எழுத மூன்று விரல் இடம்தான் மிஞ்சும். நான் தடித்த வரைதல் தாளை மடித்து, டப்லெட் உறைக்குள் செருகும் அளவுக்கு வெட்டினேன். படித்துவிட்டு அலுமாரியில் வைக்கும் மடலாக இல்லாமல், விளையாடும்போது பக்கத்தில் கிடக்கும் மடலாக இருக்க வேண்டும் என்பது எண்ணம். கண்ணாடி இல்லாமலும் தெரியும்படி பெரிய எழுத்து, கறுப்புப் பேனை.

முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: "எத்தனையோ தரம் இடம்பெயர்ந்த உங்களுக்கு…" அம்மா படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நானும் விளங்கிக்கொண்டேன். அந்தப் பெட்டிகளில் சின்னம்மா எதைக் காண்பார், எதைக் காண மாட்டார் என்பது அவருக்குரியது. நான் முந்திச் சொன்னால், அவர் என் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் தாள் அடுப்புக்குப் போனது.

இரண்டாவதில், "பயப்பட வேண்டாம், இது மிகவும் இலகு, சின்னப் பிள்ளைகளும் விளையாடுவார்கள்" என்று எழுதியிருந்தேன். இரவு படுத்திருந்து யோசித்தபோது அதுவும் கசந்தது. பயப்பட வேண்டாம் என்றால், பயப்பட ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் இலகு என்றால், தனக்கு வராதபோது அவர் யாரிடமும் கேட்க மாட்டார். கேட்பதற்கு வெட்கப்படுவார். இலகு என்ற சொல்லே மடலில் வரக் கூடாது என்று அப்போது முடிவெடுத்தேன்.

மூன்றாவது, முழுக்க விளக்கம். பெரிதாக்குவது, சிறிதாக்குவது, அறைக்கு அறை போவது, ஒலியைக் கூட்டுவது, எல்லாம் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் வரும் தாள் போல இருந்தது. கொப்பியைத் திறந்து, அம்மா உண்மையில் தடக்குப்பட்ட இடங்களுக்கு மட்டும் ஒரு வரி என்று வெட்டினேன். முதல் அறையைக் கடக்கப் போதுமானது இருந்தால் சரி. இரண்டாவது வீட்டில் அறைகள் கூடும், அதற்குள் விரல் பழகிவிடும்.

எழுத்துத் தமிழையும் விட்டுவிட்டேன். சின்னம்மா கடிதத்தை எப்போதும் வாய்விட்டுத்தான் படிப்பார். "தொடவும், இழுக்கவும்" என்று அவர் வாயால் படித்தால் வங்கி வாசலில் ஒட்டிய அறிவித்தல் போல ஒலிக்கும். நாங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினேன். லெவல், கேம், ஸ்டார்ட் எதுவும் இல்லை. கடைசியில் நின்றது இது:

"அன்புள்ள சின்னம்மா,

பிறந்தநாள் வாழ்த்துகள். உங்கட கைக்கு நல்ல சுகம் இருக்கவேணும்.

இதுக்குள்ள ஒரு பிள்ளையின்ர அறை இருக்கு. சாமானெல்லாம் பெட்டியில வந்து நிக்குது. பெட்டியை விரலால தொடுங்கோ, திறக்கும். திரும்பத் தொட்டா ஒரு சாமான் வரும். அதை இழுத்துக்கொண்டு போய் உங்களுக்குச் சரியெண்டு படுற இடத்தில விடுங்கோ.

ஒண்டும் உடையாது. ஒண்டும் துலையாது. அவசரமும் இல்லை. பாதியில வைச்சிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும், வந்து பாக்கேக்க எல்லாம் வைச்ச இடத்திலயே இருக்கும்.

பெட்டியெல்லாம் முடிஞ்ச பிறகு சில சாமானைச் சுத்திச் சிவப்புக் கோடு விழும். அது உங்களை ஏசேல்லை. அந்தச் சாமானுக்கு அந்த இடம் பிடிக்கேல்லை, அவ்வளவுதான். வேற இடம் காட்டிப் பாருங்கோ.

சத்தத்தைக் கூட்டி வையுங்கோ. ஒவ்வொரு சாமானும் வைக்கேக்க ஒவ்வொரு சத்தம் போடும்.

இந்தப் பிள்ளையின்ர அறையை நீங்கள் எப்பிடி அடுக்கிறியள் எண்டு பாக்க எனக்குச் சரியான ஆசை. ஞாயிற்றுக்கிழமை வாறன்."

சத்தத்தைப் பற்றிய வரியை வெட்டுவதா என்று யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன். அந்தக் கேமில் 14,000க்கு மேற்பட்ட ஒலிகளைப் பதிந்து சேர்த்திருக்கிறார்கள். ஒரே கோப்பையை மரத்தட்டில் வைத்தால் ஒரு சத்தம், துணியின் மேல் வைத்தால் வேறொன்று. வெறும் கண்ணாடித் தகட்டைத் தடவுகிறோம் என்ற உணர்வை மறக்கச் செய்வது இதுதான். விரலுக்குக் கிடைக்காத பாரம் காதுக்குக் கிடைக்கிறது.

கேமில் தமிழ் இல்லை. ஒவ்வொரு வீடும் முடிந்ததும் அந்தப் பெண்ணின் படத்தொகுப்பில் அவள் எழுதிய சிறு வரி ஒன்று வரும். கதைக்குத் துணையான எழுத்து என்று பார்த்தால் அநேகமாக அவ்வளவுதான். அவற்றைத் தமிழில் எழுதி, ஆண்டு இலக்கத்தைப் போட்டு, எட்டுச் சின்னத் துண்டுகளாக மடித்து ஓர் உறையில் வைத்தேன். வீடு முடிந்த பிறகே அந்தந்தத் துண்டைப் பிரிக்க வேண்டும் என்று உறையில் எழுதினேன்.

பிறந்தநாள் அன்று காலை கோயிலில் அர்ச்சனை முடித்து, மத்தியானம் மரக்கறிச் சோறு சாப்பிட்டு, பாயாசமும் குடித்த பிறகு கொடுத்தேன். மடலை வாய்விட்டுப் படித்தார். "அது உங்களை ஏசேல்லை" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு தொடர்ந்தார். டப்லெட்டை வாங்கி மேசையில் வைத்தார். நான் இருக்கும்போது தொடவில்லை. விரலை ஈரத்துணியில் ஒற்றிக் காட்டிவிட்டு, நானும் வற்புறுத்தாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது 1997 முடிந்திருந்தது. சிவப்பு விழுந்ததா என்று கேட்டேன். "மூண்டு சாமானுக்கு இடம் பிடிக்கேல்லை," என்றார் சின்னம்மா. "ரெண்டு கேட்டுது. மூண்டாவது கடைசிமட்டும் கேக்கேல்லை, இரவு ஒம்பது மணி வரைக்கும் அதோட நிண்டன்." பிறகு வந்த மூன்றாவது வீடு மற்றவர்களோடு பங்குபோட்டு இருக்கும் வீடு, பிறருடைய சாமான்கள் முன்பே தட்டுகளில் இருக்கும். அவற்றுக்கு இடையில் தன்னுடையதை வைக்க வேண்டும். நான் அங்கே நன்றாகக் கஷ்டப்பட்டிருந்தேன். சின்னம்மா அதை ஒரே மாலையில் முடித்துவிட்டார். மல்லாவியில் ஒரு குசினியில் மூன்று குடும்பம் சமைத்த காலத்தை அவராகவே அன்று சொன்னார்: யாருடைய பானை எந்த மூலை, யாருடைய உப்பு எந்தச் சிரட்டை என்று, ஒன்று விடாமல்.

நாலாவது வீடு 2010. அந்தப் பெண் தன் காதலனின் வீட்டுக்குப் போகிறாள். அவனுடைய சாமான்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. அவளுடைய பெட்டியிலிருந்து சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ் ஒன்று வருகிறது. அதை மாட்டச் சுவரில் எங்கும் இடம் கிடையாது. எங்கே வைத்தாலும் சிவக்கும். அதற்கான இடம் ஒன்றே ஒன்றுதான், கேமில் மிகவும் பேசப்பட்ட கட்டமும் அதுதான். நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து இரவு எட்டரைக்கு அழைப்பு வந்தது.

"பிள்ளை, இந்தப் பிள்ளையின்ர படிச்ச பத்திரம் ஒரு இடத்திலயும் நிக்குதில்லை. சுவர் முழுக்க அவன்ர படம்."

"எங்க வைச்சுப் பாத்தனீங்கள்?"

"குசினியிலயும் வைச்சுப் பாத்தன். சிவக்குது." கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னணியில் பெட்டி ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "பொறு, கட்டிலுக்குக் கீழ வைக்கிறன்," என்றார்.

"என்ன சொல்லுது?"

"சிவப்புப் போயிட்டுது."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

"இருக்கட்டும்," என்றார். "எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்தானே. அடுத்த வீட்டில எடுப்பம். உன்ர ரிசல்ற்றும் தலைமாட்டுக்குக் கீழதான் கிடந்தது."